எட்டுச் சொட்டுக் கணக்கு

பள்ளி வேதியியல் குறிப்பேடுகளில் ஒரு சிறிய அட்டவணை தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வருகிறது. பெனிடிக்ட் கரைசலோடு உணவுச் சாற்றைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் அரை விழுக்காடு வரை. மஞ்சள் என்றால் அரையிலிருந்து ஒன்று. ஆரஞ்சு என்றால் ஒன்றிலிருந்து இரண்டு. செங்கல் சிவப்பு என்றால் இரண்டுக்கு மேல். மாணவர் வாழைப்பழச் சாற்றை 2 மில்லி எடுக்கிறார், கரைசலை 2 மில்லி எடுக்கிறார், கொதிநீரில் வைக்கிறார், சிவப்பைப் பார்க்கிறார், ‘2 விழுக்காட்டுக்கு மேல்’ என்று எழுதுகிறார். ஆசிரியர் சரி போடுகிறார். விடை சரிதான். பழுத்த வாழையில் அதைவிடப் பல மடங்கு சர்க்கரை உண்டு என்பது நாக்குக்கே தெரியும். ஆனால் அந்த விடையை அந்தச் சிவப்பு சொல்லவில்லை. அதே குழாயில், அதே அளவுகளில், 0.2 விழுக்காடு மட்டுமே சர்க்கரை இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே சிவப்புதான் வந்திருக்கும். அட்டவணையில் இருக்கும் விழுக்காடுகள் எந்த நிறத்துக்கும் சொந்தமானவை அல்ல. அவை ஒரு குறிப்பிட்ட அளவு முறைக்குச் சொந்தமானவை. அந்த முறையை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததில்தான் கோளாறு.

அட்டவணை பிறந்த இடம் சமையலறை அல்ல, மருத்துவமனை. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி ராசிட்டர் பெனிடிக்ட் (1884–1936) இந்தக் கரைசலை 1908-09 வாக்கில் வெளியிட்டபோது அவர் முன்னால் இருந்த கேள்வி, சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதா என்பது. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்தது ஃபெலிங் கரைசல். அதை இரண்டு புட்டிகளில் தனித்தனியே வைத்திருந்து, சோதிக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். அதிலிருந்த காரம் எரிசோடா. அந்தக் கடுமையில் சிறிதளவு சர்க்கரை செம்பைத் தொடுவதற்கு முன்பே சிதைந்துபோகும். பெனிடிக்ட் எரிசோடாவை நீக்கிவிட்டு மிதமான சோடியம் கார்பனேட்டைப் போட்டார். செம்பு படிந்துவிடாமல் கரைசலிலேயே தாங்கிப் பிடிக்கச் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தார். ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் 17.3 கிராம், சிட்ரேட் 173 கிராம், நீரற்ற கார்பனேட் 100 கிராம். ஒரே புட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் இந்த நீலக் கரைசல் நீரிழிவு நோயாளிகளின் வீடுகள்வரை போயிற்று. சோதிக்கும் விதம் கறாரானது: கரைசல் 5 மில்லி, சிறுநீர் எட்டுச் சொட்டு, அதாவது ஏறக்குறைய அரை மில்லி. மேலே சொன்ன விழுக்காட்டு அட்டவணை இந்த எட்டுச் சொட்டுக்காகத்தான் எழுதப்பட்டது. நம் மருத்துவமனைச் சீட்டுகளில் ஒரு கூட்டல் குறி, இரண்டு கூட்டல் குறி என்று நான்குவரை எழுதினார்களே, அதுவும் இந்தக் கணக்கின் சுருக்கெழுத்துதான்.

குழாய்க்குள் நடப்பதைச் செம்பின் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் தெளிவாகும். நீல நிறம் தருவது இரண்டு மின்சுமை கொண்ட செம்பு. காரத்தில் சூடாகும்போது, திறந்த முனை கொண்ட சர்க்கரை அந்தச் செம்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஒற்றை மின்சுமைக்கு இறக்குகிறது. அது குப்ரஸ் ஆக்சைடாக, நீரில் கரையாத வீழ்படிவாக, மஞ்சளிலிருந்து சிவப்புவரை ஏதோ ஒரு நிறத்தில் கீழே விழுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஒடுக்கும் சர்க்கரை’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘தாழ்த்தும் வெல்லம்’ என்றும் சொல்வது இந்தச் செயலைத்தான். மின்சுமை கீழே இறங்குகிறது என்பதால் ‘தாழ்த்தும்’ என்ற சொல் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். இப்போது எளிய கேள்வி ஒன்று: குழாயில் எவ்வளவு செம்பு இருக்கிறது? பெனிடிக்ட் பின்னர் அளவறி பகுப்பாய்வுக்கென்று ஏறக்குறைய இதே செம்புச் செறிவில் இன்னொரு கரைசலும் செய்தார். அதில் 25 மில்லியின் நீலம் முழுவதையும் போக்க 50 மில்லிகிராம் குளுக்கோஸ் வேண்டும் என்பது அவர் முறையின் அடிப்படை எண். அந்த வீதத்தில் 5 மில்லியைத் தீர்க்க 10 மில்லிகிராம் போதும். எட்டுச் சொட்டில், அரை மில்லியில், 10 மில்லிகிராம் இருக்க வேண்டுமானால் அந்தத் திரவம் 2 விழுக்காடு செறிவுள்ளதாக இருக்க வேண்டும். அட்டவணை ஏன் ‘2-க்கு மேல்’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு விடை இதுதான். அந்த இடத்தில் செம்பு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் 3 விழுக்காடும் 20 விழுக்காடும் ஒன்றுதான். சொல்வதற்குக் குழாயில் செம்பு இல்லை.

இதை மாணவரின் குழாய்க்குப் பொருத்திப் பாருங்கள். கரைசல் 2 மில்லி என்றால் 4 மில்லிகிராம் குளுக்கோஸிலேயே செம்பு தீர்ந்துவிடும். சாறும் 2 மில்லி என்றால் 0.2 விழுக்காட்டிலேயே சிவப்பு வந்துவிடும். பத்து மடங்கு பிசகு. ஐந்துக்கு அரை என்ற விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று மாறியபோது, அட்டவணையின் ஒவ்வொரு படியும் பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்க வேண்டும், யாரும் சுருக்கவில்லை. நான் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்: நிறம் உணவிலுள்ள சர்க்கரையைச் சொல்வதில்லை, குழாயிலுள்ள சர்க்கரைக்கும் செம்புக்கும் இடையிலான விகிதத்தைச் சொல்கிறது. விகிதத்தின் ஒரு பக்கத்தை நாம் உறுதியாகப் பிடித்துக்கொண்டால் மறுபக்கத்தைப் பற்றி அது பயனுள்ள ஒன்றைச் சொல்லும். பிடிக்காவிட்டால் அது வெறும் அழகான நிறம்.

விகிதத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் நிறங்களை ஐந்து தனித்தனிப் பொருள்களாக எண்ணிக்கொள்வது தவறு. பச்சை நிறத்தில் புதிய சேர்மம் எதுவும் குழாயில் உண்டாவதில்லை. மிச்சமிருக்கும் நீலக் கரைசலில் கொஞ்சம் மஞ்சள் வீழ்படிவு மிதக்கிறது. கண் இரண்டையும் கூட்டிப் பச்சை என்கிறது. ஐந்து நிமிடம் ஓரமாக வைத்தால் மஞ்சள் அடியில் படிந்து மேலே நீலம் தெளியும். அப்போது பார்ப்பவர் நீலம் என்று எழுதக்கூடும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடோ பெரும்பாலும் துகளின் பருமனைப் பொறுத்தது. ஆக்சைடு மிக நுண்ணிய துகளாக விழுந்தால் மஞ்சள். துகள் பெருத்தால் சிவப்பு. சாற்றில் புரதமோ கொழகொழப்பான மாவோ இருந்தால் துகள் பெருக்காமல் தடைபட்டு, உரிய சிவப்பு மஞ்சளாகவே நிற்கக்கூடும். இரண்டு நிமிடம் சூடாக்கிய குழாயும் எட்டு நிமிடம் சூடாக்கிய குழாயும், சர்க்கரை ஒன்றாக இருந்தாலும், ஒரே நிறத்தில் நிற்பதில்லை. இதே வேதியியலில் வந்த கிளினிடெஸ்ட் மாத்திரையில் இன்னொரு விசித்திரம் தெரிந்திருந்தது. சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் நிறம் ஆரஞ்சுக்குச் சட்டென்று ஏறி, அங்கே நிற்காமல், பழுப்பும் பச்சையுமான அழுக்கு நிறத்துக்குத் திரும்பிவிடும். கடைசி நிறத்தை மட்டும் பார்த்தவர் மிக அதிகத்தைக் குறைவு என்று வாசித்துவிடுவார். அதனால்தான் வினை நடக்கும்போதே கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்று பயனர்களுக்குச் சொல்லிவைத்தார்கள்.

இத்தனை நழுவல் உள்ள நிறத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும், விரல்நுனி இரத்தத்தைச் சோதிக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் கருவி வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசிய பட்டைக்குக் குளுக்கோஸ் மட்டுமே தெரியும், ஃப்ரக்டோஸ் தெரியாது. பழுத்த வாழையின் ஒடுக்கும் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஃப்ரக்டோஸ். பட்டை இரத்தத்துக்கென்று அளவிடப்பட்டதே தவிரப் பழக்கூழுக்கென்று அல்ல. சரி, கண்ணுக்குப் பதில் ஒளிமானி வைத்து, வடிகட்டிய திரவத்தில் மிச்சமிருக்கும் நீலத்தை அளக்கலாமே என்றால், அது நல்ல யோசனை. துகள் பருமன் தரும் குழப்பம் அதோடு போய்விடும். ஆனால் செம்பு தீர்ந்த குழாயில் ஒளிமானியும் ‘நீலம் இல்லை’ என்றுதான் சொல்லும். கருவி கண்ணின் பிழையை நீக்கும், குழாயின் எல்லையை நீக்காது. எல்லையை நீக்க வழி ஒன்றுதான்: நீர்க்கச் செய்வது.

எனவே அட்டவணையை மூடிவைத்துவிட்டு ஓர் ஏணி செய்ய வேண்டும். 2 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்து 100 மில்லியாக்கினால் 2 விழுக்காடு. அதில் பாதியும் பாதி நீரும் கலந்தால் 1. மறுபடி பாதியாக்க 0.5, பிறகு 0.25, பிறகு 0.125. இவை ஐந்து படி. வெறும் நீர் ஆறாவது. ஆறு குழாய்களிலும் கரைசல் 5 மில்லி, மேலே எட்டுச் சொட்டு. சோதிக்க வேண்டிய சாறு ஏழாவது. ஏழும் ஒரே பாத்திரத்துக் கொதிநீரில் ஒன்றாக இறங்கி, ஐந்து நிமிடத்தில் ஒன்றாக ஏற வேண்டும். ஏறியதும் ஒருமுறை குலுக்கி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். சூடு, நேரம், கரைசலின் பழமை, அறையின் வெளிச்சம், பார்ப்பவரின் கண் எல்லாம் ஏழு குழாய்க்கும் பொது. சாற்றின் நிறம் இரண்டாம் மூன்றாம் படிகளுக்கு இடையில் நின்றால் ‘குளுக்கோஸ் கணக்கில் 0.5-க்கும் 1-க்கும் இடையில்’ என்று எழுதலாம். அதற்கு மேல் 0.7 என்று எழுதுவது பொய். ‘குளுக்கோஸ் கணக்கில்’ என்ற சொற்களும் அலங்காரம் அல்ல. பாலிலுள்ள லாக்டோஸும் முளைகட்டிய தானியத்து மால்டோஸும் கிராமுக்குக் கிராம் குளுக்கோஸ் அளவுக்குச் செம்பை இறக்குவதில்லை. குளுக்கோஸ் ஏணியில் அவை தங்கள் உண்மையான அளவைவிடத் தாழ்ந்த படியில்தான் தெரியும். சாறு உச்சிப் படியைத் தொட்டுவிட்டால் முடிவு எழுதவே கூடாது. பத்து மடங்கு நீர்த்து, மறுபடி சோதித்து, ஏணியின் நடுப்படிகளில் அது வந்து நிற்கும்வரை நீர்த்துக்கொண்டே போய், கடைசியில் நீர்த்த மடங்கால் பெருக்க வேண்டும்.

வாழையில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பச்சைக் காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மாவுச்சத்து. சர்க்கரை மிகக் குறைவு. நன்றாகப் பழுத்தபின் மாவுச்சத்து ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கிச் சர்க்கரை ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. பாடநூல் இங்கே நின்றுவிடும்: அயோடின் நீலம் குறையக் குறைய பெனிடிக்ட் சிவப்பு கூடும் என்று ஒரு துலாக்கோல் படம் வரைந்துவிடும். நடுவில் நிற்கும் பழத்தை, மஞ்சள் ஏறத் தொடங்கிக் காம்பில் மட்டும் பச்சை மிஞ்சிய பழத்தைச் சோதித்தால் துலாக்கோல் ஒத்துவராது. கணக்குக்காக அதில் மாவுச்சத்து 8 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது, மொத்தச் சர்க்கரை 12, அதில் ஒடுக்கும் சர்க்கரை 3 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் சதையை நீரோடு மசித்து 100 மில்லியாக்கி வடிகட்டினால் சாற்றில் ஒடுக்கும் சர்க்கரை 0.3 விழுக்காடு. எட்டுச் சொட்டில் 1.5 மில்லிகிராம், செம்பில் பெரும்பகுதி நீலமாகவே இருக்கும், குழாய் பச்சை காட்டும். மாவுச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் போயிற்று, வந்த சர்க்கரையோ பச்சை அளவுதான். மீதி எங்கே?

மீதி சுக்ரோஸாக, நம் கடைச் சீனியாக, அதே சாற்றில் கரைந்து நிற்கிறது. வாழை தன் மாவுச்சத்தை உடைத்தவுடன் முதலில் பெரும்பகுதியைச் சுக்ரோஸாகத்தான் கட்டுகிறது. பழுத்தல் முற்றிய பிறகுதான் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்து பெருகுகிறது. சுக்ரோஸில் அந்த இரண்டும் தங்கள் திறக்கும் முனைகளாலேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. செம்புக்கு எலக்ட்ரான் கொடுக்க முனை எதுவும் மிச்சமில்லை. எனவே சமையலறையிலேயே கலப்பற்ற இனிப்பான வெள்ளைச் சீனி, நீலக் கரைசலை நீலமாகவே விட்டுவிடுகிறது. அதைவிடத் தூய்மை குறைந்த வெல்லம், காய்ச்சும்போது உடைந்த சிறிது சர்க்கரையால், அதைச் சிவப்பாக்குகிறது. மறைந்திருக்கும் சுக்ரோஸை வெளியே கொண்டுவர, சாற்றின் ஒரு பங்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, பிறகு சோடா உப்பைத் தூவிப் பொங்குவது நிற்கும்வரை அமிலத்தை முறிக்க வேண்டும். முறிக்க மறந்தால் மிச்ச அமிலம் கரைசலின் காரத்தைக் குறைத்து முடிவைக் கெடுக்கக்கூடும். நம் கணக்குப் பழத்தில் 9 விழுக்காடு சுக்ரோஸ் உடைந்தால் அது ஏறக்குறைய 9.5 விழுக்காடு ஒடுக்கும் சர்க்கரையாகும், நீர் ஒரு மூலக்கூறு சேர்வதால். பழையது 3-ம் சேர்ந்து 12.5, சாற்றில் 1.25, எட்டுச் சொட்டில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். பச்சையாக இருந்த குழாய் ஏணியின் 1-ஐத் தாண்டி ஆரஞ்சில் நிற்கும். சுக்ரோஸின் அளவை நிறம் எதுவும் காட்டவில்லை, இரண்டு படிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி காட்டுகிறது. இதையே சம அளவு முறையில் செய்திருந்தால், அமிலத்துக்கு முன் 2 மில்லி சாற்றில் 6 மில்லிகிராம், பின் 25, இரண்டும் 4-ஐத் தாண்டியவை, இரண்டும் சிவப்பு, இடைவெளி காணாமல் போயிருக்கும்.

இந்தக் கணக்குக்குள்ளும் ஓட்டைகள் உண்டு. சதையை மசித்துவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் பழத்திலேயே இருக்கும் நொதி சுக்ரோஸை உடைத்துவிடும். ‘அமிலத்துக்கு முன்’ என்ற குழாய் தானாகவே சிவக்கத் தொடங்கும். மசித்ததைக் கொதிநீரில் போட்டால் நொதி அடங்கும், ஆனால் மாவு கஞ்சியாகி வடிகட்டுவது மெதுவாகும். அமிலம் மாவுச்சத்தையும் உடைக்கும். நல்லவேளையாகச் சுக்ரோஸ் மிக எளிதில் உடைவது, மாவுச்சத்து நேரம் எடுப்பது. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பங்கில் ஒரு சொட்டு எடுத்து, ஆறவைத்து, அயோடின் விட்டுப் பார்த்தால் மாவு எந்த அளவுக்கு உடைபட்டது என்று பிடிபடும். அமிலமும் சோடா உப்பும் சேர்த்ததில் கன அளவு கூடியிருக்கும். அமிலம் சேர்க்காத பங்குக்கும் அதே அளவு நீர் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு சாய்ந்துவிடும். பச்சைக் காயில் தெரியும் மெல்லிய பச்சைச் சாயலும் சர்க்கரைதான் என்று உறுதி சொல்ல முடியாது. காயின் துவர்ப்புப் பொருள்களும் செம்பை ஓரளவு இறக்கும்.

அயோடின் பக்கம் வந்தால் வேறு வகை நிறம், அதே வகைக் கணக்கு. மாவுச்சத்தில் அயோடின் நீலமாவதைக் கோலின், கோல்டியே த க்ளோப்ரி என்ற இருவர் 1814-இல் எழுதினார்கள். அயோடின் கண்டுபிடிக்கப்பட்டே அப்போது மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இங்கே எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் இல்லை. கிளையில்லாத அமைலோஸ் சங்கிலி, ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் என்று சுருள்கிறது. சுருளின் துளைக்குள் அயோடின் அணுக்கள் வரிசையாக நுழைந்து அமர்கின்றன. அந்த வரிசை நீளமானால் நீலம். சங்கிலி குட்டையாகக் குட்டையாக ஊதா, செம்பழுப்பு என்று இறங்கி, ஒரு டஜன் கண்ணிக்குக் கீழே நிறமே இல்லை. அமைலோபெக்டின் மட்டுமே கொண்ட ஒட்டரிசி நீலமாகாமல் செம்பழுப்பாவதும் இதனால்தான். எனவே அயோடினில் நிறத்தின் சாயல் மாவின் வகையைச் சொல்கிறது, அடர்த்திதான் அளவைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஊதாவை ‘குறைவான மாவு’ என்று வாசிப்பது வழக்கமான தவறு. அடர்த்தியும் சீக்கிரமே கைவிட்டுவிடும். கொஞ்சம் மாவிலேயே குழாய் நீலக்கருப்பாகி, அதற்கு மேல் கருப்புக்குக் கருப்பு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விட்ட அயோடின் குறைவாக இருந்தால் மாவு எவ்வளவு இருந்தாலும் அயோடின் இருக்கும் அளவுக்குத்தான் நீலம். திரவம் சூடாக இருந்தால் சுருள் பிடிமானம் தளர்ந்து நீலம் மறைந்துவிடும், ஆறினால் திரும்பும். பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் காய்ச்சி, முழுதும் ஆறவைத்த பிறகே அயோடின் விடுவது இதனால்தான்.

அடர்த்தி கைவிடும் இடத்தில் ஆப்பிள் விவசாயிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். இந்தப் பொருளில் நான் அறிந்த ஆகச் சிறந்த அரையளவு வாசிப்பு அதுதான். பழத்தைக் குறுக்காக நடுவில் வெட்டி, வெட்டுமுகத்தை அயோடினில் நனைத்து, நிறம் பிடித்தபின் அச்சிட்ட படங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஆப்பிளில் மாவுச்சத்து நடுவிலிருந்து வெளிநோக்கிக் கரைகிறது. முழுதும் கருப்பு என்றால் 1, துளிகூடக் கருப்பில்லை என்றால் 8. நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட அட்டை இந்த எண்களில் பேசுகிறது. கருப்பு எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு இடத்தில் என்றுதான் கேட்கிறார்கள். ஆழத்தை ஒப்பிடக் கண் திணறும், பரப்பை ஒப்பிடக் கண் தேர்ந்தது. அந்த எண் மாவுச்சத்தின் விழுக்காடு அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். எந்த வாரத்தில் பறிப்பது என்று தீர்மானிக்க வரிசை போதும். வாழையின் குறுக்குவெட்டிலும் இதைச் செய்யலாம். பழுத்த பூவனில் வெட்டுமுகம் வெளுத்துக் கிடக்கும்போது, அதே அளவு மஞ்சளான நேந்திரனில் நல்ல பகுதி கருக்கும். நேந்திரன் பழுத்தும் மாவை விடாத இனம். அவித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எல்லாவற்றையும்விட வலுவானது: வேறு பொருள்களும் இந்த நிறங்களைக் கெடுக்குமே. கெடுக்கும். வைட்டமின் சி-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது செம்பை இறக்கும், ஆகவே சர்க்கரை இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டும். அயோடினையும் இறக்கி நிறமற்ற அயோடைடாக்கும், ஆகவே மாவு இருக்கும் இடத்தில் இல்லையென்று காட்டும். ஒரே பொருள் இரண்டு சோதனையிலும் எதிரெதிராகப் பொய் சொல்கிறது. ஆனால் அளவு பிடித்து வேலை செய்பவர் இதற்கும் அஞ்ச வேண்டியதில்லை, பொய்யின் அளவையும் கணக்கிடலாம். 1 விழுக்காடு அயோடின் கரைசலின் ஒரு சொட்டில் அரை மில்லிகிராம் அயோடின். அதை அழிக்க 0.35 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் வாக்கில் இருப்பதால், ஒரு மில்லி சாறு ஒரு சொட்டு அயோடினை விழுங்கிவிடும். நீலம் வரவில்லையே என்று விட்டுவிடாமல், பழுப்பு நிலைத்து நிற்கும்வரை சொட்டு சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். அதே எலுமிச்சைச் சாற்றின் எட்டுச் சொட்டில் கால் மில்லிகிராம் வைட்டமின்தான் செம்புக்கு முன் வரும், 10 மில்லிகிராம் கொள்ளும் குழாயில் அது பொருட்டே அல்ல. வைட்டமின் மாத்திரையைக் கரைத்த நீரிலோ நெல்லிக்காய்ச் சாற்றிலோ பொருட்டாகிவிடும். எந்தக் குறுக்கீடு எந்த அளவில் பேசும் என்று தெரிவதுதான் இங்கே வேண்டும். குறுக்கீடு உண்டு என்ற பொதுப்படையான எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை. இன்னும் சில இடங்களில் சோதனையே பொருந்தாது. தேன் இயல்பிலேயே பெரும்பாலும் ஒடுக்கும் சர்க்கரை; அது சிவந்தது என்பதால் கலப்படம் என்றோ தூய்மை என்றோ எதுவும் சொல்ல முடியாது. மஞ்சள்கிழங்கில் மாவுச்சத்து இயல்பு. மஞ்சள்தூள் அயோடினில் கருத்தது என்று கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும்போது தலைப்புக்கு மேலே ‘கரைசல் 5 மில்லி, சாறு 8 சொட்டு’ என்று எழுதுங்கள். சம அளவு எடுப்பதுதான் உங்கள் ஆய்வகத்தின் வழக்கம் என்றால் விழுக்காட்டு நிரலை அழித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து குளுக்கோஸ் குழாய்களை வையுங்கள்.